நொடிக்கு என்னும் ஒரு சொல்

திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையைப் பற்றிய தமிழ் ஸ்லைடுத் தொகுப்பொன்றை, அயல்நாட்டு உடன்பணியாளருக்கு ஒருவர் ஆங்கிலத்தில் சுருக்கி அனுப்புவதாகக் கொள்க. '2024 டிசம்பர் 2: தென்பெண்ணையில் 1.68 இலட்சம் கன அடி நீர் திறப்பு' என்பது அதில் ஒரு வரி.

தமிழர் செவிக்கு 'நொடிக்கு' என்பது சொல்லாமலே கேட்கும், அயலார்க்குக் கேளாது. ஓட்டம் அவருக்கு வெறும் கொள்ளளவாகிவிடும். இலட்சமும் அவர் அறியாதது. ஆகவே நொடிக்கு 168,000 கன அடி என்று முதலில் எழுதி, ஏறத்தாழ 4,760 கன மீட்டர் என்பதை அடைப்புக்குள் தருதல் முறை. மூல எண்ணே முழுமையாக்கப்பட்டது. மாற்றிய எண்ணில் அதனினும் நுண்மை காட்டலாகாது.

'தென்' என்னும் அடையைச் சுருக்கத்திற்காக விட்டால், ஆறு ஆந்திரத்துப் பெண்ணாறாகிவிடும். வரைபடங்களில் வழங்கும் பொன்னையாறு என்ற பெயரையும் உடன் குறித்தல் நன்று.

பிழையை அறிய ஒரு வகுத்தல் போதும். அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வரத்து நின்றால், நொடிக்கு என்ற கணக்கில் அது சுமார் 12 மணியில் வற்றும். நாளுக்கு என்று தவறி எழுதினாலோ, வற்ற 119 ஆண்டுகள் ஆகும்!