பாக்கெட் இருந்த இடம்

என் மடியில இப்போ ஒரு பாவாடை இருக்கு. விற்ற பேஜ்ல ‘அப்சைக்கிள் டெனிம் ஸ்கர்ட், ஒரே பீஸ்’னு மட்டும் போட்டிருந்தாங்க. நம்பி வாங்கினேன், இடுப்புல ஏறவே இல்ல. அந்தக் கதைக்கு வர்றேன்.

இது முதல்ல ஒரு ஆம்பள ஜீன்ஸ். ரெண்டு காலோட உள்பக்கத் தையலை முழுசா பிரிச்சு, நடுவுல வேற ஜீன்ஸ்ல வெட்டின ஒரு முக்கோணத் துண்டை வெச்சிருக்காங்க. ஜிப்புக்குக் கீழ இருக்கிற வளைவு தானா தட்டையா உட்காராது. அதனால ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்து மேல ஏத்தி, வெளியே தெரியற மாதிரி தைக்கணும். அந்த இடத்துல துணி கூம்பு மாதிரி துருத்திக்கிட்டு நின்னா, தையலை மேல வரைக்கும் போதுமான அளவு பிரிக்கலன்னு அர்த்தம். இதுல படிஞ்சு நிக்குது, நல்ல வேலை.

சாதாரண டெய்லரிங்ல ஆல்டர் பண்ணது தெரியாம இருக்கிறதுதான் திறமை. இங்க கதையே தலைகீழ். மார்ட்டின் மார்ஜீலா 1991-ல பழைய ராணுவ சாக்ஸைப் பிரிச்சு ஸ்வெட்டர் பண்ணார். குதிகால் பகுதி முழங்கையிலயும் மார்புலயும் வந்து உட்கார்ந்தது. அது சாக்ஸ்னு தெரியணும், அதே நேரம் உடம்புக்கும் பொருந்தணும். இந்த அழகியலோட மையமே அதுதான்னு நான் நினைக்கிறேன். பழைய துண்டு ஒண்ணை எங்கயாவது ஒட்டினா மட்டும் போதாது.

என் பாவாடையில பின்பக்கம் ஒரு பாக்கெட்டைக் கழட்டியிருக்காங்க. வெயிலும் தேய்ப்பும் படாததால அந்த இடம் மட்டும் அடர் நீலமா நிக்குது. நிஜமாவே பழசைப் பிரிச்சுத் தைச்சதான்னு பார்க்க, புதுத் தையலோட ஓரத்தைப் பாருங்க. பழைய தையல் மேடெல்லாம் தேய்ஞ்சு வெளுத்திருக்கும், புதுசு வெளுத்திருக்காது. எல்லாத் தையலும் ஒரே மாதிரி வெளுத்திருந்தா, தைச்சு முடிச்சப்புறம் மொத்தமா வாஷ் பண்ணின ஃபேக்டரி சரக்கா இருக்கலாம்.

சரி, இடுப்புக்கு வருவோம். லேபிள்ல 32னு இருக்கு. ஆனா பின்பட்டையை வெட்டிச் சுருக்கிட்டு, பழைய லேபிளை அப்படியே விட்டிருக்காங்க. தரையில விரிச்சு டேப் வெச்சா 14 அங்குலம்தான், அதாவது சுத்தளவு 28. ரீவொர்க் பண்ணின துணிக்கு லேபிள் வெறும் நினைவுச் சின்னம்தான்!

நானே எழுதியிருந்தா இப்படி எழுதியிருப்பேன்: “ஆண்கள் ஜீன்ஸைப் பிரித்துத் தைத்த பாவாடை. முன்னால் அடர் நிற முக்கோணத் துண்டு, ஜிப்புக்குக் கீழே மேலேற்றித் தைத்த வளைவு. பின்னால் வலது பாக்கெட் இல்லை, அதன் தடம் இருக்கிறது. லேபிளில் 32, இப்போது இடுப்பு 28 அங்குலம். ஓரம் மடிக்காமல் விட்டது, துவைக்கத் துவைக்க நூல் பிரியும்.”

அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுடாதீங்க. முதல் தடவை துவைச்சதும் கேள்வி வர்றது அதைப் பத்திதான்.