காலைச் சூரியனுக்கும் காளைக்கும் ஒரு வணக்கம்

(பொங்கலை ஒட்டிக் கல்முனைக்கு வந்திருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் முன் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி இந்தக் கடற்கரைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்தில் சூரியன் மலை முகட்டைத் தாண்டி வர நேரமாகும். இங்கே அது கடலுக்குள்ளிருந்து எழும்பி நேராக முற்றத்துக்கு வந்துவிடும். பாண்டிருப்பிலும் காரைதீவிலும் தைப்பொங்கலன்று விடியும் முன்பே முற்றத்தைக் கூட்டி, கோலம் போட்டு, மூன்று கல் அடுப்பில் புதுப் பானையை ஏற்றிவிடுவார்கள். சூரியன் எழும்ப, பால் பொங்கி வழியும். மறுநாள் பட்டிப் பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நிறம் தீட்டி, மாலை போட்டு, பொங்கலை அதற்கு ஊட்டுவார்கள். லயத்துக் கோடியில் ஒரு பால்மாடு வைத்திருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த இரண்டு நன்றிக்கும் எங்கள் வயலில் என்ன கணக்கு இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

முதலில் ஒரு விஷயம். பொங்கலை அறுவடைத் திருநாள் என்கிறோம். ஆனால் அம்பாறைக் கரையில் பொங்கல் வரும்போது பல வயல்களில் அறுவடை முடிந்திருக்காது. பெரும்போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைக்கிறோம். மூன்று, மூன்றரை மாதப் பயிர். முந்தி விதைத்தவன் தை பிறக்கும்போது வெட்டத் தொடங்குவான். மற்றவர்களுக்கு மாசி, சில வட்டைகளில் பங்குனி வரை போகும். ஆகவே பொங்கலன்று காலை பலருடைய கதிர் இன்னும் பால் பிடித்தோ, பழுக்கத் தொடங்கியோ நிற்கும். வேலை முடிந்தவன் சொல்லும் நன்றி அல்ல இது. இன்னும் சில வாரம் வெயில் வேண்டும் என்று காத்திருப்பவன், வேலையின் நடுவில் நின்று சூரியனுக்குச் சொல்லும் வணக்கம்.

அந்தச் சில வார வெயில் ஏன் இவ்வளவு முக்கியம்?

முன்பு எங்கள் வயலில் நெல்லைக் கையால் வெட்டி உப்பட்டியாகப் போடுவோம். அது வெயிலில் காயும். பிறகு கட்டிச் சுமந்து களத்தில் சூடு வைப்போம். பிறகுதான் மாட்டை வளைத்துச் சூடடிப்பு. நெல் களத்துக்கு வரும்போதே பாதி காய்ந்திருக்கும். இப்போது வெட்டு மெசின் வந்துவிட்டது. காலையில் நின்ற பயிர் மத்தியானம் சாக்கில் இருக்கிறது. நாட்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் உப்பட்டியிலும் சூட்டிலும் சூரியன் செய்து வந்த வேலை அப்படியே மிச்சமாக நிற்கிறது. மெசின் தருவது ஈர நெல். நூறு கிலோவில் இருபது, இருபத்திரண்டு கிலோ தண்ணீர் இருக்கலாம். நெல் சந்தைப்படுத்தும் சபை காய்ந்த நெல்லுக்கு வைத்திருக்கும் ஈர அளவு 14 சதவீதம். களஞ்சியத்தில் வைப்பதற்கும் அதுதான் அளவு. அதற்கு மேல் ஈரத்தோடு கட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்தாலே சூடு தெரியும். புளித்த மணம் வரும், அரிசி மஞ்சளாகும்.

ஆகவேதான் தை, மாசியில் எங்கள் தெருவோரமெல்லாம் நெல் பரப்பியிருப்பதைக் காண்பீர்கள். பரப்புவதிலும் முறை இருக்கிறது. இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். மெல்லியதாகப் பரப்பி உச்சி வெயிலில் அப்படியே விட்டால் மேல் நெல் சடுதியாகக் காய்ந்து உள்ளே வெடிக்கும். வெளியே தெரியாது, ஆலையில் குற்றும்போது அரிசி குறுநொய்யாகிவிடும். அந்தியில் குவித்து மூடாவிட்டால் பனி திரும்ப ஏறிவிடும். வெறும் தார் ரோட்டை விடப் படங்கு விரித்துக் காயவைப்பது நல்லது, கல் சேராது. காய்ந்ததா என்று பார்க்க எங்கள் பெரியவர்கள் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. டக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. உங்களுக்கு இது நன்றாக விளங்கும். ஈரம் 22 சதவீதமான 100 கிலோ நெல்லில் தண்ணீர் 22 கிலோ, காய்ந்த பொருள் 78 கிலோ. அதை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும்? 22 இல் 14 போக எட்டுக் கிலோதான் குறையும் என்று பலர் நினைப்பார்கள். அப்படியல்ல. காய்ந்த பொருள் 78 கிலோ மாறாது. அது இப்போது மொத்த நிறையில் 86 பங்காக இருக்க வேண்டும். 78ஐ 86 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் 90 கிலோ 700 கிராம் வரும். ஆக நியாயமான கழிவு ஒன்பது கிலோவும் கொஞ்சமும்.

ஈர நெல்லை வயலிலேயே வாங்க வரும் வியாபாரி, நூறுக்குப் பன்னிரண்டு கிலோ கழிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? நூறு கிலோவுக்கு 2 கிலோ 700 கிராம் கூடுதலாகப் போகிறது. ஆயிரம் கிலோ விற்பவனுக்கு 27 கிலோ. காயவைக்கும் கூலியும் போக்குவரத்தும் சேர்த்துத்தான் கழிக்கிறேன் என்று அவர் சொல்லலாம். சொல்லட்டும், அதை ஈரக் கழிவு என்று சொல்லாமல் தனியாகச் சொல்லட்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கு இத்தனை, பைக்கு இத்தனை என்று கழிப்பதைப் பார்த்து நிற்கிறவர்கள் நீங்கள். தராசு உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே மொழியில்தான் பேசுகிறது. காய வைக்க ஒரு படங்கும் இரண்டு நாள் வெயிலும் இருந்தால் அந்தக் கழிவைப் பற்றிப் பேரம் பேச வேண்டியதே இல்லை. சூரியனுக்கு நன்றி சொல்வது எங்களுக்கு இப்படித்தான் கிலோவாகத் தெரிகிறது.

இனி மாட்டுக்கு வருவோம்.

உழவுக்கும் சூடடிப்புக்கும் இப்போது மாடு இல்லை. டிராக்டரும் மெசினும் இருக்கின்றன. அப்படியானால் பட்டிப் பொங்கல் எதற்கு என்று எங்கள் பிள்ளைகளே கேட்கிறார்கள். மாடு வேலையை விட்டுப் போகவில்லை, வேலைதான் மாறியிருக்கிறது. பால், தயிர், எரு, அவசரத்துக்கு விற்கிற கன்று. ஆனால் மாட்டுக்குப் பெரும்போகம்தான் கஷ்ட காலம். எங்கள் வயலுக்கு வேலி கிடையாது. விதைத்தவுடன் மாட்டை மேற்கே மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டு முடிந்த பிறகுதான் தாள் மேய வயலுக்குத் திரும்பும். மேய்ச்சல் தரை சுருங்கச் சுருங்க இந்த ஒழுங்கு உடைகிறது. வட்டமடுவில் மேய்ச்சலா, பயிர்ச்செய்கையா என்று பண்ணையாளருக்கும் விவசாயிக்கும் நீண்ட காலமாக நடக்கும் பிணக்கு இதிலிருந்து வந்ததுதான். இரண்டு பக்கமும் உழைக்கிறவர்கள்தான்.

மாரி காலத்தில் அந்தத் திறந்த வெளியில் மாடுகள் எப்படி நிற்கின்றன என்பதை 2022 டிசம்பர் காட்டியது. வங்கக் கடலில் ‘மாண்டஸ்’ புயல். வடக்கிலும் கிழக்கிலும் மழை, குளிர்க்காற்று, நாளெல்லாம் மூட்டம். சூரியனைக் காணவில்லை. ஓரிரு நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. முதலில் நோய் என்று பயந்தோம். குளிர் அதிர்ச்சிதான் காரணம் என்று சொன்னார்கள்.

நுவரெலியாவில் இதைவிடக் குளிரில் மாடு வாழ்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே உங்கள் மாட்டுக்குக் கொட்டில் இருக்கிறது, வெட்டிப் போட்ட புல் இருக்கிறது. காய்ந்த மயிர் மாட்டுக்குப் போர்வை மாதிரி. மழையில் நனைந்து அது தோலோடு ஒட்டினால் போர்வை போய்விடும். காற்று அடித்தால் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். வயிற்றில் தீனி இருந்தால் அது செரிக்கும்போதே சூடு பிறக்கும். பட்டினி மாட்டுக்கு அதுவும் இல்லை. நனைவு, காற்று, பசி மூன்றும் ஒன்று சேர்ந்தால் மெலிந்த மாடும் கன்றும்தான் முதலில் விழும்.

அறிகுறி இதுதான். முதலில் நடுங்கும். பிறகு கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் படுக்கும். காதும் வாயும் தொட்டால் குளிர்ந்திருக்கும். நடுக்கம் நின்றுவிட்டது என்று ஆறுதல் படாதீர்கள். எழும்ப முடியாத மாட்டில் நடுக்கம் நின்றால் நிலைமை மோசம். செய்ய வேண்டியது: காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டு போய், சாக்கால் அழுத்தித் துடைத்து, அடியில் வைக்கோல் போட்டு, மேலே காய்ந்த சாக்கைப் போர்த்த வேண்டும். விழுங்கக் கூடியதானால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் வைக்கோலும் கொடுக்கலாம். தலை தொங்கிக் கிடக்கும் மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். மிருக வைத்தியரை அழைக்க வேண்டும்.

அந்த டிசம்பருக்குப் பிறகு வந்த தைப்பொங்கலில், சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு மறுநாள் என்று முன்னோர் ஏன் அடுத்தடுத்து வைத்தார்கள் என்று எங்களுக்கு நன்றாக விளங்கியது.

கடைசியாக ஒன்று. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், இவை முஸ்லிம் ஊர்கள். எங்களில் பாதிப்பேர் அந்த ஊர்க்காரர். அவர்கள் பொங்கல் பொங்குவதில்லை, சூரியனை வணங்குவதுமில்லை. சூரியனையும் மாட்டையும் படைத்தவனுக்கே நன்றி என்பது அவர்கள் வழி. ஆனால் அறுவடையில் அவர்களுக்கும் ஒரு நன்றிக் கடன் உண்டு. விளைச்சல் குறித்த அளவை எட்டினால் அதில் ஏழைக்கு உரிய பங்கைக் கொடுக்க வேண்டும். மழையில் தானாக விளைந்தால் பத்தில் ஒன்று. செலவழித்து, பாடுபட்டுத் தண்ணீர் இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று. அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். உழைப்பு கூடினால் கொடுக்க வேண்டிய பங்கு பாதியாகிறது. உழைத்தவன் கையில் கூட நிற்க வேண்டும் என்று களத்து மேட்டிலேயே எழுதப்பட்ட சட்டம் அது.

பக்கத்துப் பக்கத்து வரம்பில் ஒருவர் பானை வைக்கிறார், ஒருவர் பங்கு அளந்து வைக்கிறார். இருவர் வயலுக்கும் ஒரே வெயில். இருவர் மாடும் ஒரே தாளைத்தான் மேய்கிறது.

நாளை காலை சூரியன் ஆறரைக்கு முன் கடலிலிருந்து எழும்பும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரைக்கு வாருங்கள். பிறகு வயலுக்குப் போவோம். கதிரை நீங்களே கடித்துப் பாருங்கள். பட்டிப் பொங்கலுக்கு மலைக்குத் திரும்பினதும், உங்கள் கொட்டில் கூரையில் ஓட்டை இருந்தால் அதை அன்றைக்கே அடைத்துவிடுங்கள். மாட்டுக்கு மாலையை அதற்குப் பிறகு போடலாம்.