நம் பம்ப் மோட்டார் ஏன் இரண்டு முறை எரிந்தது?

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை காயில் கட்டியாகிவிட்டது. செலவுக் கணக்கைப் பார்த்த பலரும் "மோட்டாரே மட்டம், மாற்றிவிடலாம்" என்றீர்கள். நான் வணிகவியல் படித்தவன், எலெக்ட்ரீஷியன் இல்லை. ஆனாலும் உரிமம் பெற்ற ஒருவருடன் பம்ப் அறையில் நின்று பார்த்ததில், கோளாறு மோட்டாரில் இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கிறது என்பது தெரிந்தது.

பழைய மோட்டார் 3 குதிரைத்திறன். அது போய் 2 குதிரைத்திறன் மோட்டார் வந்தபோது ஸ்டார்ட்டரை யாரும் மாற்றவில்லை. இப்போதைய மோட்டாரின் நேம் பிளேட்டில் 415 வோல்ட், 3.5 ஆம்பியர் என்று இருக்கிறது. ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயின் அளவோ 4.5 முதல் 7.5 ஆம்பியர் வரை. அதன் திருகு 6-ல் நிற்கிறது. அதை எவ்வளவு குறைத்தாலும் 4.5-க்குக் கீழே போகாது. 3,500 ரூபாய் தாங்கும் கணக்குக்கு 6,000 ரூபாய் ஓவர் டிராஃப்ட் கொடுத்து வைத்த மாதிரி!

இதனால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறும்போது டங் டெஸ்டர் வைத்துப் பார்த்தோம். மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய 3.1 ஆம்பியர். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டால் (நம் தெருவில் இது புதிதல்ல) மோட்டார் உடனே நிற்காது. மீதி இரண்டு ஃபேஸில் சுமார் 1.73 மடங்கு, அதாவது 5.4 ஆம்பியர் இழுத்துக்கொண்டு, உறுமியபடி ஓடும். 6-ல் வைத்த ரிலேக்கு 5.4 ஒரு பொருட்டே இல்லை. காயில் சூடேறி எரிந்துவிடும். இரண்டு முறையும் ஒரு ஃபேஸ் இல்லாத இரவில்தான் மோட்டார் போயிருக்கிறது. வாட்ச்மேனின் நோட்டில் தேதி இருக்கிறது.

ஆகவே 3 முதல் 5 ஆம்பியர் அளவுள்ள ரிலே வாங்கி 3.5-ல் வைக்க வேண்டும். நேம் பிளேட் அளவுக்கு மேல் ஒரு கோடு கூடப் போகக் கூடாது. அப்போது 5.4 என்பது ஒன்றரை மடங்குக்கு மேல். சில நிமிடங்களில் ரிலே விழுந்து மோட்டாரை நிறுத்தும். கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் ஆறு மடங்கு கரண்டுக்கு விழாதா என்று கேட்பீர்கள். விழாது. ரிலேக்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைய நேரம் எடுக்கும். நம் மோட்டார் இரண்டொரு நொடியில் வேகம் பிடித்துவிடும்.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஷார்ட் சர்க்யூட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதை வெட்டும் பலம் ரிலேக்கும் கிடையாது, அது நிறுத்தச் சொல்லும் கான்டாக்டருக்கும் கிடையாது. கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த வேலைக்குத்தான் எம்.சி.பி. அதே சமயம், 5.4 ஆம்பியர் போன்ற சின்ன அதிகப்படியை எம்.சி.பி. கண்டுகொள்ளாது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

எம்.சி.பி.யை எப்படித் தேர்வது? சி வகை என்றால், அதில் போட்டிருக்கும் எண்ணைப் போல 5 முதல் 10 மடங்குக்குள் கரண்ட் வந்தால் கண நேரத்தில் விழும். சி6 போட்டால் 30 ஆம்பியரிலேயே விழலாம். நம் மோட்டார் கிளம்பும்போது 21 ஆம்பியர்தான் என்றாலும், ஸ்விட்ச் போட்ட முதல் துடிப்பில் அதற்கு மேல் ஒரு எகிறல் உண்டு. ஆகவே சி6 காரணமில்லாமல் விழும். எரிச்சலில் யாராவது பெரிதாக மாற்றுவார்கள். சி10 என்றால் 50-க்கு மேல்தான் விழும். மூன்று முனை சி10 நமக்குப் பொருத்தம். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரையும் அது காப்பாற்றும். இப்போது மாட்டியிருப்பது சி32. அது கண நேரத்தில் விழ 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். ஒயரும் கான்டாக்டரும் அதுவரை பொறுக்குமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று. ரிலேயில் ஆட்டோ, மேனுவல் என்று இரண்டு நிலை உண்டு. மேனுவலில்தான் இருக்க வேண்டும். ஆட்டோவில் இருந்தால், ஆட்டோவில் ஓடும் தொட்டி மிதவை மோட்டாரைச் சூட்டோடு சூடாகத் திரும்பத் திரும்பக் கிளப்பும். பம்ப்பில் கை வைத்திருப்பவருக்கும் ஆபத்து.

தண்ணீர் வராத நேரத்தில் வாட்ச்மேன் தம்பி பார்க்க வேண்டியது இதுதான்: ரிலே விழுந்திருந்தால் மூன்று ஃபேஸும் இருக்கிறதா என்று பார்த்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு முறை ரீசெட் செய்யலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிட வேண்டும். எம்.சி.பி. விழுந்திருந்தால் ஒரு முறைகூடத் தூக்கக் கூடாது. எலெக்ட்ரீஷியன் வந்து மெக்கர் வைத்துப் பார்த்த பிறகுதான்.

ரிலேயும் எம்.சி.பி.யும் மாற்ற செயற்குழு ஒப்புதல் கேட்டிருக்கிறேன். மாற்றியதும் 3.5, சி10 என்ற இரண்டு எண்களும் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டப்படும்.