வேலி ஒன்று சொல்லுது, வரைபடம் ஒன்று சொல்லுது: எஃப்-லைன் அளவை எப்படிக் கேட்பது?

போன எபிசோடுக்கு அப்புறம் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். சென்னையில் வேலை, ஊரில் அப்பா பெயரில் ஒரு ஏக்கர். பக்கத்து நிலத்துக்காரர் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டியிருக்கார். ரோட்டு ஓரமாகப் பார்த்தால் வேலி சரியாகத்தான் நிக்குது. உள்ளே போகப் போக நம்ம பக்கம் சாய்ஞ்சு வருது. "பட்டாவில் அளவு குறையலை, அப்போ என்ன ஆதாரம் காட்டுறது?"ன்னு கேட்டிருக்கார்.

கேள்வியிலேயே முக்கியமான விஷயம் இருக்கு. வேலி நகர்ந்தால் பட்டா மாறாது. உங்க பட்டாவிலும் முழு ஏக்கர் இருக்கும், அவர் பட்டாவிலும் அவருடைய பரப்பு அப்படியே இருக்கும். பட்டா சொல்றது யாருக்கு எவ்வளவு என்பதை. கோடு எங்கே ஓடுது என்பதைச் சொல்றது புலப்படம், அதாவது எஃப்.எம்.பி. அதனால் முதல் வேலை, eservices.tn.gov.in-இல் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு கொடுத்து அந்தப் படத்தை இறக்கிக்கொள்வது.

இறக்கினதும் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்க. உங்க நிலத்துக்கும் அவர் நிலத்துக்கும் நடுவில் படத்தில் கோடு இருக்கா? இரண்டும் தனித்தனி உட்பிரிவு என்றால் இருக்கும். கூட்டுப் பட்டாவாக இருந்து, பெரியப்பா, சித்தப்பா எல்லாம் வாய்வழியாகப் பிரிச்சு உழுதுகிட்டு இருந்தால் அந்தக் கோடு அரசுப் பதிவிலேயே கிடையாது. இல்லாத கோட்டை சர்வேயர் அளந்து காட்ட முடியாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது உட்பிரிவு செய்து தனிப்பட்டா. இது தெரியாமல் அளவைக்குப் பணம் கட்டினால் வீண் அலைச்சல்தான்.

நம்ம நேயர் கேஸில் கோடு இருக்கு. புரியறதுக்காக எண்களை நானே வச்சுக்கிறேன். புல எண் 112, இவருடையது உட்பிரிவு 1, அவருடையது 2. நடுவில் 80 மீட்டர் நேர்கோடு. வேலி ரோட்டு முனையில் கோட்டின் மேலேயே இருக்கு, மறு முனையில் ஒன்றரை மீட்டர் உள்ளே வந்திருக்கு. போனது ஒரு முக்கோணம். 80-ஐ 1.5-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 60 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை சென்ட். இதை போன் ஜிபிஎஸ் வச்சுப் பிடிக்க முடியுமான்னு நம்ம ஆளுங்க உடனே கேட்பீங்க. திறந்தவெளியிலேயே போனின் பிழை சுமார் 5 மீட்டர் வரை போகும். தேடுறது ஒன்றரை மீட்டர். அந்த ஸ்கிரீன்ஷாட்டை வச்சுச் சண்டைக்குப் போகாதீங்க.

விண்ணப்பத்தில் கேட்க வேண்டியது எஃப்-லைன் அளவை, அதாவது எல்லைக்கோட்டை அளந்து காட்டுறது. முன்னெல்லாம் வங்கியில் செலான் கட்டி, தாலுகா ஆபீஸுக்கு நேரில் போகணும். 2023 நவம்பரிலிருந்து tamilnilam.tn.gov.in/citizen தளத்தில் இருந்த இடத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் அங்கேயே கட்டலாம். பட்டா, பத்திரம், புலப்படம் மூன்றையும் கையில் வச்சுக்கிட்டு உட்காருங்க. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்னாடி அதை மாற்றிடுங்க.

எந்தத் தேதியில் அளந்தால் நல்லது என்பதும் ஒரு கணக்கு. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நிக்கும்போது இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் தெரியாது. அரியலூர் பக்கம் முந்திரித் தோப்பிலும் அதே கதைதான். மக்காச்சோளம் என்றால் அறுவடை முடிந்த கையோடு அளக்குற மாதிரி விண்ணப்பம் போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் ஊருக்குப் போய், புலப்படத்தில் குறிச்ச சர்வே கற்கள் எங்கே இருக்குன்னு அப்பாவோட சேர்ந்து தேடுங்க. கரிசல் மண் மழையில் ஊறி வெயிலில் வெடிக்கிற மண். அதில் கல் சாயும், புதையும். டிராக்டர் கலப்பை சில கல்லைப் பிடுங்கியும் போட்டிருக்கும். கிடைச்ச கல்லைச் சுற்றிப் புல் செதுக்கி வைக்கலாம். சாய்ஞ்ச கல்லை நிமிர்த்தாதீங்க, எந்தக் கல்லையும் நகர்த்தாதீங்க.

ஏன் கல் இவ்வளவு முக்கியம்? சர்வேயர் உங்க வயலை நாலு பக்கமும் அளந்து பரப்புக் கண்டுபிடிக்க வரலை. பழைய கல் இரண்டைப் பிடிச்சு, அதிலிருந்து பழைய கோட்டைத் திரும்ப வரைய வரார். படத்தில் இரண்டு கல்லுக்கும் நடுவில் 142 மீட்டர்னு இருக்கு, நிலத்தில் 141.8 வருதுன்னு வச்சுக்குவோம். அது நம்பக்கூடிய கோடு. 139 வந்தால் இரண்டில் ஒரு கல் இடம் மாறியிருக்கு. எது மாறியதுன்னு மூன்றாவது கல்லிலிருந்து சரிபார்த்த பிறகுதான் மேலே போகணும். அடிப்படைக் கோடு சரின்னு ஆனதும், படத்தில் எழுதின தூரங்களை அதிலிருந்து அளந்து உங்க 80 மீட்டர் கோட்டின் இரண்டு முனையையும் குறிப்பார். கயிறு கட்டினால் வேலிக்கும் கயிறுக்கும் இடையில் இருக்கிற இடைவெளி எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அன்னைக்கு நீங்க கவனிக்க வேண்டியது இதுதான்: ஆரம்பம் எந்தக் கல்? அவர் வேலித் தூணிலிருந்தோ வரப்பிலிருந்தோ அளக்க ஆரம்பிச்சால், "சார், புலப்படத்தில் இருக்கிற கல்லிலிருந்து சரிபார்த்துக்கலாமா?"ன்னு மரியாதையாகக் கேளுங்க. தப்பான இடத்திலிருந்து தொடங்கினால் தப்பான கோடு ரொம்பத் துல்லியமாகக் கிடைக்கும்.

இன்னொன்று, பக்கத்து நிலத்துக்காரருக்கு முறையாக அறிவிப்புப் போச்சான்னு பாருங்க. அவர் இல்லாமல் அளந்தால், "எனக்குத் தெரியாமல் அளந்தாங்க"ன்னு நாளைக்கு ஒரே வரியில் முடிச்சிடுவார். நீங்களும் முதல் நாளே போய், "அண்ணே, நாளைக்கு அளக்க வராங்க, நீங்களும் கூட நில்லுங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. அளந்து முடிஞ்சதும் நீங்களும் சர்வேயரும் கையெழுத்திட்ட அறிக்கையும் வரைபடமும் eservices தளத்தில் கிடைக்கும். வேலி எத்தனை மீட்டர் உள்ளே வந்திருக்கு என்பது அதில் இருக்கணும். வாய்ச் சொல் போதாது.

இதுக்கு அப்புறம்தான் நிறைய பேர் ஏமாந்து போறது. சர்வேயர் கோட்டைக் காட்டுவார், வேலியைப் பிடுங்க மாட்டார். அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. நீங்களே பிடுங்கினால் நியாயம் உங்க பக்கம் இருந்தும் போலீஸ் கேஸ் உங்க மேல வரும். பக்கத்து நிலத்துக்காரர் ஒத்துக்கிட்டால், எத்தனை நாளில் வேலியை மாற்றுவார்னு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஒத்துக்கலைன்னா உரிமையியல் நீதிமன்றம்தான். அங்கே நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிச்சு, சர்வேயர் துணையோடு திரும்ப அளக்கச் சொல்லலாம்.

இதில் ஒரு கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருத்தர் உங்க நிலத்தைத் தனதென்று வெளிப்படையாக அனுபவிக்க ஆரம்பிச்ச நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் மீட்பு வழக்குப் போடணும். அதைத் தாண்டினால் எதிரிடை அனுபவம்னு அவர் வாதாட முடியும். அளந்துட்டதாலேயே இந்தக் கடிகாரம் நிற்காது. அவர் எழுத்தில் உங்க உரிமையை ஒத்துக்கணும், இல்லைன்னா நீங்க வழக்குப் போடணும்.

அதனால் நம்ம நேயருக்கு என் பதில்: இந்த வாரமே புலப்படத்தை இறக்குங்க. கூடவே அப்பாகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. அந்த வேலி எந்த வருஷம் போட்டது? மூன்று வருஷம் என்றால் பேசிப் பார்க்க நேரம் இருக்கு. பதினொன்று என்றால், அளவைக்கு விண்ணப்பம் போட்ட அன்னைக்கே ஒரு வக்கீலையும் பார்த்திடுங்க.