சராசரிக்குள் மறையும் பள்ளிக்கூடம்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் தமிழகப் பெண்கள் ஆண்களை முந்துவது வருஷந்தோறும் காணும் செய்தியே. ஆயினும், கணிதம் கட்டாயமாயிராத பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவை எத்தனை பெண்கள் எடுக்கிறார்கள் என்பதே ஜில்லாக் கணக்கை ஆராய்பவர் முதலில் பார்க்கவேண்டியது. இரண்டு பெண்கள் பள்ளிகளில், பள்ளிக்கு 100 மாணவிகள் சேர்ந்து, ஒன்றில் 40 பேர் கணிதப் பிரிவில் இருக்க, மற்றதில் அப்பிரிவே இல்லை என்று வைத்துக்கொண்டால், சராசரி நூற்றுக்கு 20 என்று வரும்; அதைக் கண்டு பெண்களுக்குச் சிரத்தை குறைவு என்று அபிப்பிராயம் சொல்வது, கடையில் இல்லாத சரக்கை யாரும் வாங்கவில்லை என்று குறைகூறுவது போலத்தான். அந்த இரண்டாம் பள்ளிக்கு வேண்டியது உபதேசமன்று. கணிதப் பிரிவும், அதை நடத்த ஒரு முதுகலை ஆசிரியரும். பிரிவு இருந்தும் பெண்கள் சேராத இருபாலர் பள்ளியிலோ, பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ஒரே அளவு மதிப்பெண் பெற்ற ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, சேர்க்கை நாளில் அவர்களுக்கு எந்தப் பிரிவை யார் சிபாரிசு செய்தார் என்று தலைமையாசிரியர் விசாரிக்கவேண்டும்.