நெருக்கடி நிலையும் 21-வது பிரிவும்



நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகள் என்னவாகும் என்று கேட்டால், "ரத்தாகிவிடும்" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். நாமும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். ஆனால் நம் அரசமைப்புச் சட்டம் இதில் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது.

ஒன்று, பிரிவு 358. பேச்சுரிமை, கூடும் உரிமை முதலியவற்றைத் தரும் பிரிவு 19 இதனால் தானாகவே செயலிழக்கும். மற்றொன்று, பிரிவு 359. இதில் உரிமை புத்தகத்தில் அப்படியே இருக்கும். அதற்காக நீதிமன்றம் செல்லும் வழியைத்தான் குடியரசுத் தலைவரின் ஆணை அடைக்கும். கேட்க இடமில்லாத உரிமை உரிமைதானா?

இந்தக் கேள்வி 1976இல் உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. 1975 ஜூன் 25 அன்று 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இரண்டே நாளில் 14, 21, 22 ஆகிய பிரிவுகளுக்காக நீதிமன்றம் செல்ல முடியாது என்று ஆணை வந்தது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காவலாக நிற்பது பிரிவு 21. மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். தங்களைப் பிடித்து வைத்தது அந்தச் சட்டத்தின்படியாவது சரியா என்று பார்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பார்க்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறின. அரசு மேல்முறையீடு செய்தது.

விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா, அரசின் தலைமை வழக்கறிஞரிடம் ஒன்று கேட்டார்: காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால் என்ன பரிகாரம்? தம் வாதப்படி, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை பரிகாரம் இல்லை என்றார் வழக்கறிஞர். 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்ற நெறி, பிரிவு 21 எழுதப்படுவதற்கு முன்பே இருந்தது என்பது அவர் வாதம். மறு ஆண்டு, அவரைவிட இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆயிற்று.

ஆனால் நாடாளுமன்றம் அதுவரை காத்திருக்கவில்லை. 1978இன் 44-வது திருத்தம், 20, 21 ஆகிய பிரிவுகளை 359-இன் பிடியிலிருந்து விலக்கியது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற தெளிவற்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' என்று வைத்தது. பிரிவு 358 இப்போது போர் அல்லது வெளிநாட்டு ஆக்கிரமிப்பின்போது மட்டுமே செயல்படும்.

இந்த இடத்தில் நம் மாணவர்கள், 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. அது பிரிவு 356. அதனால் அடிப்படை உரிமைகள் பாதிக்கப்படுவதில்லை.

கன்னாவின் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இன்றைய விடை, நீதிமன்றம் செல்லலாம் என்பதே. கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: கைது செய்யப்பட்டவருக்குப் பாதுகாப்புத் தரும் பிரிவு 22-க்கான வழியை இன்றும் ஓர் ஆணையால் அடைக்க முடியும்.