அதிர்ஷ்டலாபச் சீட்டும் அடித்துண்டும்



பாடசாலை நிதிக்கென நாம் விற்கும் அதிர்ஷ்டலாபச் சீட்டிலே துளைக்கோட்டின் இருபுறமும் ஒரே தொடரிலக்கம் இருத்தல் வேண்டும். சீட்டு வாங்குவோரிடம் செல்லும். அவர் பெயரும் முகவரியும் எழுதிய அடித்துண்டு நம்மிடம் திரும்பும்.

எமது முதலாவது சீட்டிழுப்பில் விற்காத சீட்டுகளின் அடித்துண்டுகளும் பெட்டியினுள் சேர்ந்துவிட்டன. முதற்பரிசு பெற்ற துண்டிலே பெயரில்லை. "பரிசைப் பாடசாலையே வைத்துக்கொண்டது" என்று மண்டபத்தில் ஒரு குரல் எழுந்தது. எனக்கு மறுமொழி இல்லை.

மறுமுறை 25 சீட்டுகள் கொண்ட 40 புத்தகங்கள் அச்சிட்டோம். எந்த மாணவரிடம் எந்த இலக்கங்கள் சென்றன என்பதைப் பதிவேட்டில் குறித்தோம். சீட்டின் விலை 100 ரூபா. இழுப்புக்கு முன்தினம் எண்ணியபோது அடித்துண்டுகள் 860, விற்காதவை 115, ஆக 975. குறைந்தது ஒரு புத்தகம். 451 முதல் 475 வரையுள்ள அப்புத்தகம் காய்ச்சலாய்க் கிடந்த ஒரு சிறுமியிடம் இருந்தது. அவள் விற்ற பத்தும் சேர, 870 துண்டுகளுக்கு 87,000 ரூபா சரியாக நின்றது. அந்த 870 மட்டுமே சபை முன்னிலையிற் பெட்டிக்குட் சென்றன.

சீட்டின் முகப்பில் விலை, பரிசுகள், இழுப்பு நாள், இடம், பரிசு கோரும் இறுதித் திகதி ஆகியவற்றை அச்சிடுங்கள். "சீட்டைக் காட்டுபவருக்கே பரிசு" என்பதையும் சேருங்கள். இழுப்பு முடிந்தபின் எழுதும் நிபந்தனையை எவரும் நம்பார்.